கெட்ட பக்கம் இல்லாத பின்னல்: இரண்டு நிற டபுள் நிட்டிங்

சாதாரணமாகப் பின்னிய ஒரு மஃப்ளரைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் ஆங்கில 'வி' எழுத்தை அடுக்கியதுபோல வழவழப்பான கண்ணிகள். மறுபக்கம் மேடு மேடாகச் சொரசொரப்பு. தையல் கடையில் நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்று சொல்வார்களே, அதே கதைதான். இரண்டு நிறத்தில் பூவேலை செய்திருந்தால் கெட்ட பக்கம் இன்னும் மோசமாக இருக்கும். அந்த நேரத்தில் வேலையில்லாத நிறம் பின்னால் இழை இழையாகத் தொங்கும், விரலும் மோதிரமும் அதில் மாட்டும்.

டபுள் நிட்டிங்கில் கெட்ட பக்கமே கிடையாது. ஒரு பக்கம் நீலத் தரையில் மஞ்சள் பூ என்றால், திருப்பினால் மஞ்சள் தரையில் நீலப் பூ. உண்மையில் நீங்கள் பின்னுவது ஒரு துணி அல்ல, இரண்டு. இரண்டும் ஒரே ஊசியில் ஒரே நேரத்தில் வளர்கின்றன. இரண்டின் சொரசொரப்பான பக்கங்களும் ஒன்றையொன்று பார்த்தபடி உள்ளே மறைந்துகொள்கின்றன.

ஒரு பெயர்க் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். நூல் வாங்கும்போது உறையில் 'டி.கே.' என்று போட்டிருப்பார்கள். அது டபுள் நிட்டிங் என்பதன் சுருக்கம்தான், ஆனால் அங்கே அது நூலின் தடிமனைக் குறிக்கிறது. நடுத்தரத்துக்கும் கொஞ்சம் மெல்லியது, சாதாரணமாக 4 மி.மீ. ஊசியில் பின்னுவது. இந்தப் பின்னல் முறைக்கு டி.கே. நூல்தான் வேண்டும் என்றில்லை. எந்தத் தடிமனிலும் செய்யலாம். நான் கீழே சொல்லும், டம்ளர் வைக்கும் சின்ன மேட்டுக்கு டி.கே. எடுத்துக்கொள்கிறேன், கடையில் சுலபமாகக் கிடைக்கிறது என்பதால் மட்டும்.

உங்களுக்குக் கண்ணி ஏற்றவும், நிட் போடவும், பர்ல் போடவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். வேறு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஜோடி என்றால் என்ன

இந்தப் பின்னலில் கண்ணிகளைத் தனித்தனியாக எண்ணக் கூடாது, ஜோடி ஜோடியாக எண்ண வேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் முதல் கண்ணி உங்களைப் பார்க்கும் முகத்துக்குச் சொந்தம், அதை நிட் போடுகிறீர்கள். இரண்டாவது கண்ணி எதிர்ப்பக்க முகத்துக்குச் சொந்தம், அதைப் பர்ல் போடுகிறீர்கள். பர்லை மறுபுறமிருந்து பார்த்தால் நிட் மாதிரியே தெரியும் என்பது உங்களுக்கே தெரியும். இந்த முறையின் தந்திரம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நீலம் உங்களைப் பார்க்கும் வரிசையில் வேலை இப்படிப் போகும்: நீலத்தால் ஒரு நிட், மஞ்சளால் ஒரு பர்ல், நீலத்தால் ஒரு நிட், மஞ்சளால் ஒரு பர்ல். வரிசை முடிந்து திருப்பியதும் மஞ்சள் முகம் உங்களைப் பார்க்கும். இப்போது மஞ்சளால் நிட், நீலத்தால் பர்ல். ஊசியில் 42 கண்ணிகள் இருந்தாலும் ஒரு முகத்தில் தெரியப்போவது 21 மட்டுமே. அகலத்தைக் கணக்கிடும்போது ஜோடிகளை எண்ணினால் போதும்.

இதில் மாற்றவே கூடாத விதி ஒன்றுதான். நிட் போடும்போது இரண்டு நூலும் பின்னால் இருக்க வேண்டும். பர்ல் போடும்போது இரண்டு நூலும் முன்னால் இருக்க வேண்டும். அந்தக் கண்ணிக்கு வேலை செய்வது ஒரு நூல்தான் என்றாலும், மற்றதும் கூடவே போய்வர வேண்டும், மாட்டுவண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள் மாதிரி. ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் நின்றால் வண்டி குடைசாயும்.

ஏன் என்று ஒரு தடவை யோசித்துப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. நீலத்தால் நிட் போடுகிறீர்கள், மஞ்சளைப் பின்னால் கொண்டுபோக மறந்துவிட்டீர்கள். மஞ்சள் நூல் முன்னாலேயே நிற்கிறது. அடுத்த பர்லுக்கு அது போகும்போது, நீலக் கண்ணியின் முன்னால் குறுக்கே படுத்துவிடும். நீல முகத்தில் ஒரு சின்ன மஞ்சள் கோடு தெரியும். இதற்கு எதிரான தவறு கொஞ்சம் வஞ்சகமானது. மஞ்சளால் பர்ல் போடும்போது நீலத்தைப் பின்னாலேயே விட்டுவிட்டால், நீலக் கோடு எதிர்ப்பக்க மஞ்சள் முகத்தில் விழும். அது அந்த நேரத்தில் உங்கள் கண்ணில் படாது, திருப்பினால்தான் தெரியும். அதனால் ஆரம்பத்தில் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் இரண்டு முகத்தையும் பார்த்துவிடுங்கள். உடனே பார்த்தால் பிரிக்க வேண்டியது அரை வரிசை. பத்து வரிசை கழித்துப் பார்த்தால் பிரிக்க மனசே வராது.

விதியைச் சரியாகக் கடைப்பிடித்தால் இரண்டு துணிகளுக்கும் நடுவில் எந்த ஒட்டும் இருக்காது. வெறும் நீலம், வெறும் மஞ்சள் என்று போகும் இடத்தில் இரண்டு அடுக்கையும் விரலால் பிரித்தால் பை மாதிரித் திறக்க வேண்டும். எங்காவது ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தால், அங்கே நூல்கள் உள்ளே ஒன்றையொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் அந்த இடம் கொஞ்சம் இறுக்கமாக, சுருங்கினாற்போல இருக்கும்.

கண்ணி ஏற்றும் இடத்தையும் இறக்கும் இடத்தையும் விட்டால், அடுக்குகள் சேர்வது இரண்டு இடத்தில் மட்டும். ஒன்று, பூவேலைக்காக நிறங்கள் இடம் மாறும் இடம். அங்கே நீலம் முன்னடுக்கிலிருந்து பின்னடுக்குக்குப் போகிறது, மஞ்சள் பின்னாலிருந்து முன்னால் வருகிறது, அதனால் இரண்டு துணியும் கோர்த்துக்கொள்கின்றன. மற்றொன்று ஓரம். அதை நீங்களாகத்தான் கோர்க்க வேண்டும். நான் முதன்முதலில் பின்னியபோது ஓரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மஃப்ளர் என்று ஆரம்பித்தது, இரண்டு பக்கமும் திறந்துகொண்டு, மேலும் கீழும் மட்டும் ஒட்டிய ஒரு விசித்திரமான உறையாக முடிந்தது. ஓரத்தைக் கடைசியில் ஊசியால் தைத்து ஒப்பேற்றினேன்.

சிக்கு எங்கிருந்து வருகிறது

இரண்டு நூலில் பின்னும் யாரும் முதலில் புலம்புவது சிக்கைப் பற்றித்தான். ஊசிக்கும் நூலுருண்டைக்கும் நடுவில் நூல்கள் கயிறு திரித்ததுபோல் முறுக்கிக்கொண்டுவிடும். பத்து வரிசைக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு அவிழ்க்க வேண்டியிருக்கும். இது தலையெழுத்து இல்லை. மூன்று இடத்தில் முறுக்கு ஏறுகிறது, மூன்றையும் தனித்தனியாக நிறுத்தலாம்.

முதலாவதும் பெரியதும், நூலை மாற்றி எடுக்கும் விதம். நூலை வலது கையால் ஊசியில் சுற்றிப் பின்னுகிறவர்களுக்கு இது கண்டிப்பாக வரும். நீலத்தைக் கீழே விட்டு மஞ்சளை எடுக்கிறீர்கள், மஞ்சளை விட்டு நீலத்தை எடுக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுக்கும் நூலை மற்றதன் அடியிலிருந்து எடுத்தால், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சுற்று ஏறும். 21 ஜோடி என்றால் ஒரு வரிசை முடிவதற்குள் 21 சுற்று! இதை ஒரு சின்னக் கட்டுப்பாடு தீர்த்துவிடும். நீலத்தை எப்போதும் மஞ்சளின் மேலாக எடுங்கள், மஞ்சளை எப்போதும் நீலத்தின் கீழாக எடுங்கள். எந்த நிறம் மேல், எந்த நிறம் கீழ் என்பது உங்கள் இஷ்டம். ஆனால் முடிவு செய்தபின் அந்த வேலை முடியும்வரை மாற்றாதீர்கள், பூவேலையில் நிறங்கள் முகம் மாறும்போதும்கூட. மேலே எடுத்தது மேலேயே, கீழே எடுத்தது கீழேயே போனால் நூல்கள் ரயில் தண்டவாளம் மாதிரி இணையாகப் போகும், சுற்றிக்கொள்ள வாய்ப்பே இல்லை.

இதைவிடச் சுலபம், இரண்டு நூலையும் இடது ஆள்காட்டி விரலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொள்வது. நீலம் விரல் நுனிப் பக்கம், மஞ்சள் உள்பக்கம். நிட்டுக்கு ஊசி முனையால் நீலத்தை மட்டும் கோர்த்து இழுக்கலாம். பர்லுக்கு விரலோடு சேர்த்து இரண்டையும் முன்னால் கொண்டுவந்து மஞ்சளை மட்டும் எடுக்கலாம். நூலைக் கீழே விடுவதே இல்லை என்பதால் மேலா கீழா என்ற கேள்வி எழாது. வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு முதல் மூன்று நான்கு வரிசை எரிச்சலாக இருக்கும், குறிப்பாகப் பர்ல். ஆனால் 'இரண்டும் சேர்ந்து முன்னே, இரண்டும் சேர்ந்து பின்னே' என்ற விதியும் இந்த முறையில் தானாகவே நடந்துவிடுகிறது. நான் இதற்குத்தான் மாறிவிட்டேன்.

இரண்டாவது, துணியைத் திருப்புவது. வரிசை முடிந்ததும் துணியை அரைச் சுற்று திருப்புகிறோம். எப்போதும் ஒரே திசையில் திருப்பினால் இரண்டு வரிசைக்கு ஒரு முழுச் சுற்று நூலில் ஏறிவிடும். 28 வரிசை கொண்ட ஒரு சின்ன மேட்டுக்கு 14 சுற்று. அதனால் ஒரு தடவை கடிகாரத் திசையில், அடுத்த தடவை எதிர்த்திசையில். கேட்கும்போது அற்பமாக இருக்கும், ஆனால் பேச்சுவாக்கில் எந்தப் பக்கம் திருப்பினோம் என்று மறந்துவிடும். எனக்கு நிறத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறப்பதில்லை: நீல முகம் முடிந்தால் கடிகாரத் திசை, மஞ்சள் முகம் முடிந்தால் எதிர்த்திசை.

மூன்றாவது, ஓரம் கோர்ப்பது. ஒவ்வொரு வரிசையின் ஆரம்பத்திலும், முதல் கண்ணியைப் போடும்முன், இரண்டு நூலையும் ஒன்றையொன்று ஒரு சுற்று சுற்றிக்கொள்ள வேண்டும். அந்தச் சுற்றுதான் முன்னடுக்கையும் பின்னடுக்கையும் ஓரத்தில் கொக்கி போட்டதுபோல் பிடித்துவைக்கிறது. இது வேண்டுமென்றே போடும் முறுக்கு, தவிர்க்க முடியாது. ஆனால் நூலின் நடுவில் ஒரு முறுக்கைப் போட்டால் துணியை ஒட்டி ஒரு சுற்று விழும்போது, அதற்குக் கீழே உருண்டைகள் பக்கம் எதிர்த்திசையில் ஒரு சுற்று விழுகிறது. மேலே விழுந்தது ஓரத்தோடு போய்விடும், கீழே விழுந்தது தங்கிவிடும். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே திசையில் சுற்றினால் கீழே சேர்ந்துகொண்டே போகும். இங்கேயும் அதே மருந்துதான். நீல முக வரிசையின் தொடக்கத்தில், மேலிருந்து பார்க்கும்போது கடிகாரத் திசையில் சுற்றுங்கள். மஞ்சள் முக வரிசையின் தொடக்கத்தில் எதிர்த்திசையில். இரண்டு வரிசைக்கு ஒருமுறை கணக்கு நேராகிவிடும், ஓரமும் இரண்டு பக்கமும் பிடித்திருக்கும்.

உருண்டைகளை எங்கே வைப்பது என்பதற்குப் பலர் பல யோசனை சொல்வார்கள். எனக்கு ஒத்துவந்தது இரண்டு கனமான எவர்சில்வர் கிண்ணம். நீலம் வலது பக்கம், மஞ்சள் இடது பக்கம், நடுவில் ஒரு சாண் இடைவெளி. உருண்டை உருளாமல் கிண்ணத்துக்குள்ளேயே சுழலும், கனம் இருப்பதால் கிண்ணம் நகராது. ஒரே பைக்குள் இரண்டையும் போட்டுவைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விளையாட ஆரம்பித்துவிடும். திசை மாற்றித் திருப்புவது எவ்வளவு முயன்றும் பழகவில்லை என்றால் ஒரு செருப்பு டப்பா போதும். மூடியில் இரண்டு ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு நூலாக வெளியே எடுத்து, முறுக்கு சேர்வது தெரிந்ததும் டப்பாவை அது அவிழும் பக்கமாகத் திருப்பிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் முறுக்கு ஏறத்தான் செய்யும், எங்கேயாவது ஒரு தடவை திசை தவறியிருக்கும். அப்போது நூலை இழுத்து மல்லுக்கட்டாதீர்கள். இரண்டு உருண்டையிலும் நூலை ஒரு சுற்று சுற்றி, தலைமுடிக்குப் போடும் கிளிப்பால் கவ்விவிட்டு, துணியை உயரத் தூக்கிப் பிடியுங்கள். தொங்கும் உருண்டைகள் தாமாகவே சுழன்று அவிழ்ந்துகொள்ளும்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊசிக்குக் கீழே தொங்கும் நூலில் இருக்கும் சிக்கு நேரத்தைத்தான் வீணாக்கும், துணியைக் கெடுக்காது. துணிக்குள் போய்விட்ட சிக்குதான் கெடுதல். ஓரத்தைத் தவிர வேறு எங்கும் நூல்கள் ஒன்றையொன்று சுற்றி உள்ளே போகக் கூடாது. அடுக்குகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். ஐந்தாறு வரிசைக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு சின்ன மேட்: முதல் ஊசி முதல் கடைசி வரை

டீ டம்ளர் வைக்க ஒரு மேட், ஏறத்தாழ 10 செ.மீ. சதுரம், நடுவில் ஒரு வைரக்கட்டி வடிவம். நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று. நிறங்கள் பளிச்சென்று வேறுபட வேண்டும். கருநீலமும் கறுப்பும் எடுத்தால் ராத்திரி விளக்கில் எந்தக் கண்ணி எது என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சின்ன ஊசியாக எடுங்கள். 4 மி.மீ. போடும் நூலுக்கு 3.5 அல்லது 3.25 மி.மீ. ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் எதிரடுக்கின் கண்ணி ஒன்று நிற்பதால் நூல் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறது, துணி தளர்ந்துபோகிறது. சின்ன ஊசி அதை இறுக்கிப் பிடிக்கும்.

நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் 'உல்லன்' என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். டம்ளர் மேட்டுக்குப் பரவாயில்லை. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கும் பாத்திரத்தைப் பிடிக்கும் துணியாக இதைப் பின்னப் போகிறீர்கள் என்றால் அக்ரிலிக் வேண்டவே வேண்டாம், சூட்டில் உருகிவிடும். ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பாருங்கள். உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக். முடி கருகிய வாடை வந்து, விரலால் நசுக்கினால் பொடியானால் கம்பளி. காகிதம் எரிந்த வாடை வந்தால் பருத்தி.

கண்ணி ஏற்றும்போது இரண்டு நூலையும் சேர்த்துப் பிடித்து, வழக்கமாக ஏற்றுவதுபோலவே 21 ஏற்றுங்கள். வால்நூல் விட்டு ஏற்றும் முறை என்றால் அரை மீட்டர் வால் போதும். ஒவ்வொரு இடத்திலும் நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று என்று ஜோடியாக உட்கார்ந்திருக்கும். முதல் வரிசையில் ஜோடியின் நீலத்தை நிட், மஞ்சளைப் பர்ல். சில ஜோடியில் மஞ்சள் முன்னாலும் நீலம் பின்னாலும் ஏறியிருக்கும். ஊசியிலிருந்து இரண்டையும் நழுவவிட்டு இடம் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு தப்பிவிட்டாலும் அடி ஓரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான்.

முதல் 8 வரிசை வெறும் தரை. ஒற்றைப்படை வரிசைகளில் நீல முகம் உங்களைப் பார்க்கும், இரட்டைப்படையில் மஞ்சள் முகம். ஒவ்வொரு வரிசை ஆரம்பத்திலும் ஓரச் சுற்று, பிறகு முதல் ஜோடியைக் கொஞ்சம் இழுத்துப் பின்னுங்கள்.

9-ஆம் வரிசையில் வைரம் ஆரம்பிக்கிறது. இதற்கு வரைபடம் இப்படி இருக்கும். நீல முகத்திலிருந்து பார்க்கும் படம் இது. ஒவ்வொரு கட்டமும் ஒரு ஜோடி. வெள்ளைக் கட்டம் நீலத் தரை, கறுப்புக் கட்டம் மஞ்சள் பூ. இரண்டு பக்கமும் இன்னும் 5 ஜோடித் தரை உண்டு, அதைப் படத்தில் போடவில்லை. கீழிருந்து மேலே படிக்க வேண்டும்.

```
19  □□□□□■□□□□□
18  □□□□■■■□□□□
17  □□□■■■■■□□□
16  □□■■■■■■■□□
15  □■■■■■■■■■□
14  ■■■■■■■■■■■
13  □■■■■■■■■■□
12  □□■■■■■■■□□
11  □□□■■■■■□□□
10  □□□□■■■□□□□
 9  □□□□□■□□□□□
```

9-ஆம் வரிசை, நீல முகம். முதல் 10 ஜோடி வழக்கம்போல: நீலம் நிட், மஞ்சள் பர்ல். 11-ஆவது ஜோடியில் நிறம் மாறுகிறது: மஞ்சளால் நிட், நீலத்தால் பர்ல். பிறகு 10 ஜோடி மறுபடி வழக்கம்போல. கவனியுங்கள், நிட்டும் பர்லும் மாறவில்லை, நூல் மட்டும் மாறியது. முதல் தடவை இந்த இடத்தில் பலர் மஞ்சள் பர்லாகவே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பர்லை முதலில் போட்டுவிடுவார்கள். ஜோடியில் எப்போதும் முதலில் நிட், பிறகு பர்ல்.

திருப்பினால் 10-ஆம் வரிசை, மஞ்சள் முகம். இங்கேதான் தலை சுற்றும். படம் நீல முகத்துக்கு வரைந்தது, நீங்கள் பார்ப்பதோ மஞ்சள் முகத்தை. தரை இப்போது மஞ்சள், பூ நீலம். 9 ஜோடி தரை: மஞ்சள் நிட், நீலம் பர்ல். அடுத்த 3 ஜோடி பூ: நீலம் நிட், மஞ்சள் பர்ல். பிறகு 9 ஜோடி தரை. 'இந்தக் கட்டத்தில் எந்த நிறம்' என்று கேட்டுக்கொண்டால் குழம்பும். 'இது தரையா, பூவா' என்று கேட்டுக்கொள்ளுங்கள். தரை என்றால் இந்த முகத்தின் நிறத்தால் நிட், பூ என்றால் எதிர்முகத்தின் நிறத்தால் நிட். பர்லுக்கு மிச்சமிருக்கும் நூல். இந்தக் கேள்வி இரண்டு முகத்துக்கும் பொருந்தும்.

இன்னொன்று, நீல முக வரிசையைப் படத்தில் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், மஞ்சள் முக வரிசையை இடமிருந்து வலமாக. வைரம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் இப்போதைக்கு வித்தியாசம் தெரியாது, முதல் வேலைக்கு இதைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். பெயரின் முதல் எழுத்தைப் பின்ன ஆசைப்பட்டால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு முகத்தில் 'க' நேராக வந்தால் மறுமுகத்தில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும். இரண்டு முகத்திலும் நேராக வர வைக்கவும் வழி உண்டு, ஆனால் அதற்கு இரண்டு முகத்துக்கும் தனித்தனிப் படம் வேண்டும். இப்போது அது வேண்டாம்.

14-ஆம் வரிசையில் பூ 11 ஜோடி அகலம், இரண்டு பக்கமும் 5 தரை. அங்கிருந்து குறையத் தொடங்கி 19-ஆம் வரிசையில் ஒரே ஜோடியாகிவிடும். பின்னி முடித்ததும் வைரம் படத்தில் இருப்பதைவிடக் குட்டையாகத் தெரியும். உங்கள் தவறில்லை. பின்னல் கண்ணி உயரத்தைவிட அகலம் அதிகம், கட்டம் போட்ட காகிதம் சதுரம். பின்னர் 20 முதல் 28 வரை மறுபடி வெறும் தரை.

நடுவில் ஒரு ஜோடி நிறம் தவறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முகத்திலும் ஒரே இடத்தில் அந்தத் தவறு தெரியும், ஒன்றில் நீலத்துக்குப் பதில் மஞ்சள், மற்றதில் மஞ்சளுக்குப் பதில் நீலம். முழு வரிசையையும் பிரிக்க வேண்டாம். அந்த ஜோடிக்கு நேர் மேலே இருக்கும் இரண்டு கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து இறக்கி, தவறு இருக்கும் வரிசைவரை ஏணிபோல் அவிழ விடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நீல இழையும் ஒரு மஞ்சள் இழையும் குறுக்கே நிற்கும். குரோஷா ஊசியால் முன் முகத்துக் கண்ணியை எடுத்து, எந்த நிறம் வர வேண்டுமோ அந்த இழையை இழுத்து மேலேற்றுங்கள். மிச்ச இழைகளைக்கொண்டு துணியைத் திருப்பிப் பின் முகத்துக் கண்ணியை அதேபோல் ஏற்றுங்கள். இரண்டு இழையும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்காவிட்டால் இது ஐந்து நிமிஷ வேலை. சுற்றிக்கொண்டிருந்தால் எந்த இழை எந்த அடுக்குக்கு என்றே பிடிபடாது. மேலா கீழா என்று நான் அவ்வளவு வற்புறுத்தியதன் பலன் இந்த இடத்தில்தான் தெரியும்.

துணியில் ஒரு வரிசை தளர்வாகவும் ஒரு வரிசை இறுக்கமாகவும் மாறி மாறித் தெரிந்தால், உங்கள் பர்ல் நிட்டைவிடத் தளர்ந்து விழுகிறது. ஒவ்வொரு முகமும் ஒரு வரிசையில் நிட்டாகவும் அடுத்ததில் பர்லாகவும் வளர்வதால் அது கோடு கோடாகக் காட்டிக்கொடுக்கும். பர்ல் போட்டதும் நூலை ஒரு சின்ன இழுப்பு இழுத்துவிடுங்கள்.

இரண்டு நூலைக் கையாளவே வரவில்லை என்பவர்களுக்கு ஒரு பக்கவழியும் உண்டு, நேரம் மட்டும் இரட்டிப்பாகும். இரண்டு முனையும் திறந்த ஊசியோ வட்ட ஊசியோ வேண்டும். முதலில் நீலத்தை மட்டும் எடுத்து, நீலக் கண்ணிகளை நிட் போட்டுக்கொண்டே, நூலை முன்னால் கொண்டுவந்து மஞ்சள் கண்ணிகளைப் பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றிக்கொண்டே போங்கள். முடிந்ததும் திருப்பாமல் கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, மஞ்சளை எடுத்து, நூலைப் பின்னால் வைத்து நீலத்தை மாற்றி, முன்னால் கொண்டுவந்து மஞ்சளைப் பர்ல் போடுங்கள். இப்போது இரண்டு நூலும் ஒரே ஓரத்தில் நிற்கும், அப்புறம்தான் திருப்ப வேண்டும். கையில் எப்போதும் ஒரே நூல் என்பதால் வரிசைக்குள் சிக்கு வரவே வராது. திருப்பும் திசையையும் ஓரச் சுற்றையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

28-ஆம் வரிசை முடிந்ததும் கண்ணி இறக்க வேண்டும். ஒரே நூலை எடுங்கள், நீலம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஜோடியின் இரண்டு கண்ணியையும் சேர்த்து ஒன்றாக நிட், அடுத்த ஜோடியையும் அப்படியே. இப்போது வலது ஊசியில் இரண்டு கண்ணி. முதலாவதை இரண்டாவதன் மேலாகத் தூக்கி இறக்குங்கள். இப்படியே கடைசிவரை, கை தளர்வாக. இழுத்து இறக்கினால் மேல் ஓரம் சுருங்கி மேட் ஆப்பம் மாதிரி குழிந்துவிடும். மேல் ஓரம் இரண்டு முகத்திலும் நீலமாகத்தான் தெரியும், அது இந்த முறையின் குறை. எனக்கு அது ஒரு கரை போட்டதுபோல் அழகாகத்தான் படுகிறது.

மிச்சம் இருப்பது நூல் முனைகள். சாதாரணப் பின்னலில் இவற்றைக் கெட்ட பக்கத்தில் கண்ணிக்குக் கண்ணி கோர்த்து மறைக்க வேண்டும். இங்கே கெட்ட பக்கம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். மழுங்கின ஊசியில் முனையைக் கோர்த்து, ஓரத்தில் ஒரு கண்ணியைச் சுற்றி ஒரு முடிச்சு போட்டு, இரண்டு அடுக்குக்கும் நடுவில் ஊசியை விட்டு நாலு விரல் தள்ளி வெளியே எடுங்கள். நூலை லேசாக இழுத்து ஒட்ட நறுக்கினால் முனை உள்ளே போய்விடும்.